இரண்டு வாசல் வீட்டின் வில்லங்கம்

பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே மூன்று மேசைகள் இருந்தன. நடு மேசைக்காரரை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். பத்திரம் எழுதுவது தொழில். ஊரில் பாதிப் பேர் குடியிருக்கும் வீட்டுக்கு நான்கெல்லை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கிழக்கே யார் சுவர், மேற்கே எந்தத் தெரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருடைய சொந்த நான்கெல்லை மட்டும் வாடகை வீட்டுக்காரர் வரைந்ததாகவே இருந்தது. அதுவும் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருந்தது.

இதனால் அவருக்கு ஒரு குணம் படிந்துவிட்டது. பத்திரம் பதிந்து, கைவிரலில் மை ஒட்டியபடி சிரித்துக்கொண்டே வெளியே வருகிற ஆளைப் பார்த்தால் அவருக்கு வயிற்றில் பற்றிக்கொள்ளும். வாங்கியவர் புருஷனும் மனைவியுமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். ஊரார் வீடு வாங்கினால் இவ்வளவு. சகலை வீடு வாங்கினால் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம்.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். டயர்க்கடை வைத்திருந்தார். குரல் பெரிசு, தொந்தி பெரிசு, அதிர்ஷ்டமும் பெரிசு என்பது ரைட்டரின் கணக்கு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். ஒருவர் மூத்தவளைக் கட்டிப் பேனாவைப் பிடித்தார், மற்றவர் இளையவளைக் கட்டி டயரைப் பிடித்தார். பேனாவை விட டயர் வேகமாக உருளும் என்று ரைட்டருக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் சகலை குடும்பத்தோடு வந்து இறங்கினார். கையில் இனிப்புப் பெட்டி. வீடு முடிவாகிவிட்டதாம். எந்த வீடு என்று ரைட்டரின் மனைவி கேட்டாள். அச்சகத் தெரு முனையில் இரண்டு வாசல் வீடு, கம்பவுண்டர் வீடு, என்றாள் தங்கை.

மூத்தவள் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது.

காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் அந்த வீடு முதலில் வந்தது இவர்களிடம்தான். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கம்பவுண்டர் மகளோடு போய் இருக்கலாம் என்று நினைத்து, விற்றுத் தரும்படி ரைட்டரிடமே கேட்டார். நீங்களே வாங்கிக்கொண்டால் இன்னும் சந்தோஷம், மெதுவாகக் கொடுங்கள் என்றும் சொன்னார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டினார் ரைட்டர். அவள் அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, சுவரைச் சாணால் அளந்து, இங்கே அலமாரி வரும் என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் பத்து நாள் அந்த அலமாரியைப் பற்றியே பேசினாள். அப்புறம் ஒரு நாள் ரைட்டர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, அந்த வீட்டில் வில்லங்கம் இருக்கிறது, அடமானம் காட்டுகிறது, நமக்கு வேண்டாம் என்றார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கம்பவுண்டரும் மகள் வீட்டுக்குப் போகவில்லை, வீடும் விற்கவில்லை.

இப்போது அதே வீடு, அதே ஜன்னல், அதே சுவர், தங்கைக்கு.

"வில்லங்கம் பாத்தீங்களா?" என்று மூத்தவள்தான் கேட்டாள். குரலில் கொஞ்சம் பயம், கொஞ்சம் ஆசை. என்ன ஆசை என்று ரைட்டருக்குத் தெரியும். அவருக்கும் அதே ஆசைதான்.

சகலை சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "அதெல்லாம் இப்ப நெட்லயே வந்துடுது. கடைக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல சர்வே நம்பரச் சொன்னேன், டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள குடுத்துட்டான். முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுமே இல்ல, சுத்தம்."

ரைட்டருக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. வீடு வாங்குகிறார் என்பது ஒரு எரிச்சல். வில்லங்கம் பார்க்கத் தன்னிடம் வரவில்லை, கம்ப்யூட்டர் பையனிடம் போனார் என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். பெண்டாட்டிக்கு அக்கா வீட்டுக்காரன் பதிவு அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்க இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

அதைவிட மோசமாக, மனைவி காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சுத்தம்னுதான் போட்டிருக்கு," என்றாள். "நமக்கு வந்தப்ப வில்லங்கம்னு சொன்னீங்களே."

சகலை இனிப்பை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தங்கை அக்காவைப் பார்த்தாள். ரைட்டர், காகிதத்தைக் கொடு என்று கையை நீட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவர் நெஞ்சுக்குள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இதுல கம்பவுண்டர் அந்த மனைய வாங்கினதே இல்லையே," என்றார்.

சகலைக்குப் புரியவில்லை. ரைட்டர் மெதுவாக, ருசித்துச் சொன்னார். கம்பவுண்டர் அந்த மனையைக் கிரயம் வாங்கி முப்பது வருஷம் ஆகவில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் எல்லாம் வரிசையாக வரும். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, எல்லாம். விற்கிறவர் வாங்கிய பத்திரமே அதில் வரவில்லை என்றால் அது சுத்தம் இல்லை, தேடிய இடம் தப்பு. வேறு யாருடைய வாசலிலோ போய் நின்று, உள்ளே யாரும் இல்லை என்று எழுதி வாங்கிவந்த மாதிரி.

"நம்பர் சரியாத்தான் குடுத்தேன். வரி ரசீதுல இருக்கற நம்பர்," என்றார் சகலை. பெரிய குரல் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. ரைட்டருக்கு அதைக் கேட்கவே அவ்வளவு இதமாக இருந்தது.

வரி ரசீதில் இருப்பது உட்பிரிவு ஆன பிறகு வந்த புது எண். நிலத்தை அளந்து துண்டு துண்டாக எண் போட்டது பிற்பாடு. அந்தத் தெருவே முன்பு வயல். கம்பவுண்டர் வாங்கியபோது, முழு வயலுக்கும் ஒரே எண். அந்தக் காலத்துப் பத்திரம் எல்லாம் பழைய எண்ணில்தான் கிடக்கும். பழைய எண், புது எண் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். நாளைக்கு மனு நானே போடுகிறேன் என்றார் ரைட்டர். சகலை நன்றியோடு தலையாட்டினார். தங்கை, நீங்க இருக்கீங்கன்னு தைரியம் மாமா, என்றாள். மூத்தவள் செம்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

அவர்கள் போன பிறகுதான் ரைட்டருக்கு இன்னொரு விஷயம் உறைத்தது.

அன்றைக்கு அவர் மனைவியிடம் பொய் சொல்லவில்லை. அடமானம் இருந்தது உண்மை. வீடு கட்டக் கம்பவுண்டர் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் கடன் வாங்கி, மனையை அடமானம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கடன் எப்போதோ அடைந்துபோன கடன். சங்கம் மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கடன் தீர்ந்தது என்று ஒரு ரசீது எழுதி அதையும் பதிந்திருந்தால் அடமானத்துக்குக் கீழேயே அதுவும் வந்திருக்கும், விஷயம் முடிந்திருக்கும். பத்திரம் கைக்கு வந்ததே போதும் என்று கம்பவுண்டர் விட்டுவிட்டார். ஊரில் பத்தில் நாலு பேர் செய்கிற காரியம்தான் அது. ஒரு காலைப் பொழுதில் சரியாகிற காரியம். அதை மட்டும் ரைட்டர் வீட்டில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பயம். கடன் வாங்க வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும். அவர் தனக்கே எழுதிக்கொள்ளும் பத்திரத்தை இடது மேசைக்காரன் வாங்கிப் படிப்பான், வலது மேசைக்காரன் ஏதாவது குறை கண்டுபிடிப்பான். அடுத்தவன் வீட்டில் வில்லங்கம் தேடித் தேடி, எல்லா வீட்டிலும் வில்லங்கம் இருக்கும் என்ற நம்பிக்கை அவர் எலும்பில் ஊறிவிட்டது. இருந்தது ஒரே ஒரு வில்லங்கம், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார். மனைவியின் அலமாரிதான் கரையேறவில்லை.

இப்போது அதே அடமானத்தைத் தோண்டி எடுத்தால் அவர் சொன்னது மெய் என்றாகும். சகலை பயந்து பின்வாங்கினால் இரட்டை லாபம். ஆனால் யாராவது ரசீது என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால்? யார் சொல்லப்போகிறார்கள், டயர்க்கடைக்காரருக்கு என்ன தெரியும், என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு தூங்கிப்போனார்.

மறுநாள் காலையில் அவர் எழுதிய மனுவைப் போல் அவர் வாழ்க்கையில் இன்னொரு மனு எழுதியதில்லை. கூலி கொடுக்கிற ஆளுக்குக்கூட அவ்வளவு அக்கறை எடுத்ததில்லை. கம்பவுண்டரிடம் மூலப் பத்திரத்தின் நகலை வாங்கிவந்து, முழு வயலின் பழைய எண், உட்பிரிவுப் புது எண், மனையின் விஸ்தீரணம், நான்கெல்லை, பழைய கதவு எண், புதுக் கதவு எண் எல்லாவற்றையும் எழுதினார். எந்தத் தேதியிலிருந்து தேட வேண்டும் என்ற இடத்தில், கம்பவுண்டர் வாங்கியதற்கும் பல வருஷம் முன்னாலிருந்து, இன்றைய தேதி வரை என்று போட்டார். கம்பவுண்டருக்கு விற்றவருக்கு அது எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டுமே. அடியில் மனுதாரர் பெயரில் சகலை பெயரைப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் அழுத்தமாக ஓடியது.

பதிவு அலுவலக ஜன்னலில் தேடுதல் கட்டணம் கட்டி மனுவைக் கொடுத்தார். உள்ளே இருந்த எழுத்தர் பெண் மனுவைப் பார்த்துவிட்டு, பழைய எண்ணில் ஏகப்பட்ட மனை இருக்குமே, பிரித்தெடுக்க நேரமாகும் என்றாள். அதற்குத்தானே அம்மா நான்கெல்லை, பொறுமையாகப் பார்த்தே கொடுங்கள் என்றார் ரைட்டர். அவளுக்கு ஆச்சரியம். எப்போதும் அவசரம் என்று ஜன்னலைத் தட்டுகிறவர் இவர்.

சான்று வந்தது. ரைட்டர் மேசையில் வைத்துப் படித்தார். முதல் வரிசையில் கம்பவுண்டருக்கு முந்தியவர் வாங்கிய கிரயம். அடுத்தது கம்பவுண்டர் வாங்கியது. மூன்றாவது, கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்கு அடமானம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த வெறும் இடத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இனித்தது. இடது மேசைக்காரரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷன் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றார் ரைட்டர்.

அன்று சகலை வீட்டில் போய் அதைக் காட்டியபோது ரைட்டர் முகத்தை வைத்துக்கொண்ட விதம் பார்க்க வேண்டும். துக்க வீட்டுக்கு வந்தவர்கூட அவ்வளவு சோகமாக இருக்கமாட்டார். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்ம வீட்டுப் பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்கக்கூடாது பாருங்கள் என்று ஆரம்பித்தார். அடமான வரிசையின் மேல் விரலை வைத்தார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. சகலை டயரில் காற்று இறங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட வந்திருந்த மனைவியின் பக்கம் ரைட்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேனே, என்ற பார்வை.

மனைவி, அவர் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சகலை எழுந்து செருப்பை மாட்டினார். எங்கே என்று கேட்டதற்கு, கம்பவுண்டரையே கேட்டுவிடலாம், கேட்டால் என்ன குறைந்துபோகும் என்றார். ரைட்டர், இப்போது எதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். டயர்க்கடைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பஞ்சர் என்று தெரிந்தால் வண்டியைத் தூக்கிப் போடமாட்டார்கள், எங்கே ஓட்டை என்று தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ரைட்டர் கையை விட்டுப் போய்விட்டது. கம்பவுண்டர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கடன் தீர்ந்ததற்குச் சங்கம் கொடுத்த கடிதத்தை எடுத்தார். சகலை அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். சங்கத்துச் செயலாளர் பழைய கணக்கைப் பார்த்துச் சரி என்றார். அடமானம் தீர்ந்த ரசீதை எழுத வேண்டும் என்றபோது சகலைக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்கள். நேராக நடு மேசைக்கு வந்தார்கள். ரைட்டர் தன் கையாலேயே அதை எழுதினார். செயலாளர் வந்து கையெழுத்துப் போட, பதிவாகிவிட்டது. மறுபடி வில்லங்கச் சான்று போட்டார்கள். அடமானத்துக்குக் கீழே, இத்தனை வருஷமாக வெறுமையாக இருந்த இடத்தில், ரசீது வந்து உட்கார்ந்திருந்தது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சகலை ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், வெறும் காகிதத்தைப் பார்த்துச் சுத்தம் என்று பணத்தைக் கொடுத்திருப்பேன், என் சகலைதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடிக் கண்டுபிடித்தார், கூடப் பிறந்த அண்ணன்கூட இவ்வளவு செய்யமாட்டான் என்று சொன்னார். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுப் புது ஆட்கள் நடு மேசையைத் தேடி வந்தார்கள். ரைட்டருக்கு ஒவ்வொரு பாராட்டும் மிளகாயைத் தேய்த்த மாதிரி இருந்தது. கெடுக்கப் போய், வீட்டைக் கழுவித் துடைத்துச் சகலை கையிலேயே கொடுத்தாயிற்று.

கிரயப் பத்திரத்தையும் அவர்தான் எழுதினார். கிழக்கே அச்சகத் தெரு, தெற்கே சந்து, இரண்டு பக்கமும் வாசல். எழுத எழுதக் கை வலித்தது. பதிவு நாளில் சாட்சிக் கையெழுத்துக்கு அக்காதான் வர வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். மூத்தவள் இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அலுவலகத்துக்குள் பெஞ்சில் எல்லோரும் பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள். கம்பவுண்டர் மூத்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் சுவரோரமாக நின்று, பத்திரத்தில் பக்க எண்ணைச் சரிபார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். காது மட்டும் பெஞ்சில் இருந்தது.

தங்கை உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில் அலமாரி வைக்கப்போகிறாளாம். சாண் போட்டு அளந்துவிட்டாளாம். "நல்லா இருக்கும்," என்றாள் மூத்தவள். அவ்வளவுதான் சொன்னாள். ரைட்டருக்கு அந்த இரண்டு வார்த்தை காதில் ஈயம் மாதிரி விழுந்தது. இத்தனை நாளும் தான்தான் பொறாமையில் வேகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இன்னொருத்தி சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுடையதாவது நியாயமான பொறாமை.

பிறகு மூத்தவள் கம்பவுண்டர் பக்கம் திரும்பினாள். "அந்த ரசீது பதியறதுக்கு ரொம்ப அலைச்சலாயிடுச்சா?"

"அலைச்சல் என்னம்மா," என்றார் கம்பவுண்டர். "காலையில வந்தோம், சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டோம். உங்களுக்குக் குடுக்கறதா இருந்தப்பவே, ரசீது பதிஞ்சு தர்றேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. அவர்தான் அப்ப வேண்டாம்னுட்டாரு."

ரைட்டர் பக்கத்தைப் புரட்டினார். தலைகீழாகப் பிடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மனைவி அவரைத் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பார்க்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய், அவர் எழுதிய பத்திரத்தின் அடியில், தங்கை வீட்டுக்குச் சாட்சியாகத் தன் பெயரை நிதானமாக எழுதினாள். பேனாவை மூடி, அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அது ரைட்டரின் பேனா.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். திட்டுவாள், அழுவாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை மனைப் பலகை மேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு விலைக்கு வருகிறதாம். ஒரே வாசல்தானாம். விற்கிற அம்மாவிடம் பத்திர நகலை அவளே கேட்டு வாங்கிவிட்டாள்.

"வில்லங்கத்துக்கு மனு எழுதணும். என்னென்ன எழுதணும்னு சொல்லுங்க."

ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். பழைய சர்வே எண். புது எண். விஸ்தீரணம். நான்கெல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. அவள் தலை நிமிராமல் ஒவ்வொன்றாக எழுதினாள். மனுதாரர் பெயர் என்ற இடம் வந்தது. அவர் சொல்வதற்குள் அவளே தன் பெயரை எழுதிவிட்டாள்.

"இதுலயும் ஏதாவது வில்லங்கம் வந்தா?" என்று கேட்டார். எவ்வளவோ அடக்கியும் அந்தக் கேள்வி வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவள் மை காயட்டும் என்று தாளை ஊதினாள்.

"சான்ற வாங்கி என்கிட்ட குடுங்க," என்றாள். "வேணுமா வேண்டாமான்னு இந்தத் தடவை நான் சொல்றேன்."